மூன்று மணிக்கு முந்திய அரை மணி நேரம்: நம்பர் லாட்டரி உந்துதலைக் கடப்பது எப்படி?



கடையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகப் புளியரையைத் தாண்டினால் ஆரியங்காவு. அங்கே லாட்டரிச் சீட்டை அரசாங்கமே விற்கிறது. கேரள அரசு 1967-ல் தொடங்கிய துறை அது. இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரி விற்பனைக்குத் தடை. ஆனாலும் கேரளச் சீட்டின் தினசரிக் குலுக்கலில் வரும் கடைசி மூன்று எண்களை வைத்து 'மூணு நம்பர்' என்ற பெயரில் ஒரு சூதாட்டம் நம் பகுதியில் ஓடிக்கொண்டிருக்கிறது. சீட்டு கிடையாது, கடை கிடையாது. ஒரு போன், ஒரு வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்ப ஒரு எண், அவ்வளவுதான். குலுக்கல் மாலை மூன்று மணிக்கு. அதற்குள் எண்ணைச் சொல்லிவிட வேண்டும்.

சூது ஹராம் என்பது இதை ஆடுகிறவருக்கும் தெரியும். அல்குர்ஆன் 5:90, 91 வசனங்களை அவர் பல ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறார். அவருக்குத் தெரியாதது வேறு. இரண்டரை மணிக்கு அந்த உந்துதல் நெஞ்சில் வந்து உட்காரும்போது அடுத்த முப்பது நிமிடம் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த முப்பது நிமிடத்தைப் பற்றி மட்டும்.

கடைத்தெருவில் வேலை பார்க்கும் ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். அவரைப் பற்றி எழுத அனுமதி தந்திருக்கிறார், அடையாளம் தெரியும் விவரங்களை விட்டுவிட்டோம். "ஹஜ்ரத், காலையில எனக்கு அந்த நினைப்பே இருக்காது. லுஹர் தொழுதுட்டு சாப்பிட்டு வந்து உட்காருவேன். ரெண்டரை ஆனா கை துறுதுறுன்னு வரும். மூணு மணிக்கு மேல நானே என்னைத் திட்டிக்குவேன்" என்றார். நான்கு வருடம் இப்படியே போயிருக்கிறது. மனைவியின் நகை அடகில் இருக்கிறது.

அவர் சொன்னதில் ஒரு விஷயம் நம்மை நிறுத்தியது. காலையில் இல்லை, மாலையில் இல்லை, இரண்டரையிலிருந்து மூன்று வரை. அப்படியானால் இது நாள் முழுவதும் எரியும் தீ அல்ல, நேரம் பார்த்து வந்து போகும் ஒன்று.

போதைப் பழக்கங்களிலிருந்து மீண்டவர்கள் ஏன் திரும்ப விழுகிறார்கள் என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் (2011-ல் இறந்தார்). உந்துதல் என்பது கடலலை போல எழுந்து, உச்சிக்குப் போய், தானாக இறங்கும் என்றார் அவர். அதோடு சண்டை போடவும் வேண்டாம், அது இழுக்கும் பக்கம் போகவும் வேண்டாம், அலைமேல் பலகையில் மிதப்பவரைப் போல அது இறங்கும் வரை அதைக் கவனித்துக்கொண்டிருங்கள் என்பது அவருடைய முறை. முதலில் புகைப்பவர்களிடமும் குடிப்பவர்களிடமும் பயன்பட்டது. இப்போது சூதாட்டப் பழக்கத்துக்கும் மனநல ஆலோசகர்கள் இதைக் கற்றுத்தருகிறார்கள். உந்துதலுக்குத் தீனி போடாமல் இருந்தால் பெரும்பாலும் இருபது, முப்பது நிமிடத்துக்குள் அது இறங்கத் தொடங்கிவிடும் என்பது அவர்களின் அனுபவம்.

அலைப்பலகை நம் ஊருக்குப் பழக்கமில்லை. குற்றாலம் பேரருவியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை போடுவார்கள். அப்போது யாரும் வெள்ளத்தைக் கையால் தடுக்கப் போவதில்லை, உள்ளேயும் இறங்குவதில்லை. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்போம். மேலே மழை விட்டதும் தண்ணீர் தானாகக் குறையும்.

இதைக் கேட்டதும் நமக்கு மதரஸாவில் ஓதிய ஒரு பாடம் நினைவுக்கு வந்தது. உள்ளத்தில் எழும் எண்ணத்துக்கு ஐந்து படிகளை உலமாக்கள் சொல்வார்கள். சட்டென்று வந்து விழுவது ஹாஜிஸ். அது சற்றுத் தங்கினால் காத்திர். செய்யலாமா வேண்டாமா என்று உள்ளுக்குள் பேசிக்கொள்வது ஹதீஸுன் நஃப்ஸ். செய்யும் பக்கம் சாய்வது ஹம்மு. செய்தே தீருவது என்று உறுதி கொள்வது அஸ்மு. முதல் மூன்று படிகளுக்குக் குற்றம் பிடிக்கப்படுவதில்லை. தீமை செய்ய எண்ணி அல்லாஹ்வுக்காக அதை விட்டவருக்கு ஒரு முழு நன்மை எழுதப்படும் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், அந்தச் சகோதரர் உந்துதல் வந்த உடனேயே தன்னைப் பாவியாக எழுதிவிடுகிறார். "எண்ணம் வந்துடுச்சே, இனி ஆடினா என்ன ஆடாட்டி என்ன" என்பது அவருடைய கணக்கு. அது தவறான கணக்கு. எண்ணம் வந்த நேரத்தில் அவர் இன்னும் எதையும் இழக்கவில்லை.

நாமும் ஒரு தவறு செய்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் இப்படி வருபவர்களிடம், "அந்த நினைப்பையே விரட்டிவிடு" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொன்னார். அவர்களால் முடியவில்லை. பிறகு நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். அமுக்கிய எண்ணம் திரும்பி வருகிறது. திக்ரைப் பற்றி நாம் குறை சொல்லவில்லை, அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத்தை அடிக்கும் தடியாக திக்ரைப் பிடிப்பது வேறு. எண்ணம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அது இருக்கும்போதே நாவை திக்ரில் வைத்திருப்பது வேறு.

அவரிடம் சொன்னது இதுதான். இரண்டரை மணிக்கு உந்துதல் தொடங்கியதும் முதல் வேலை, போனைக் கையை விட்டு அகற்றுவது. பக்கத்தில் இருக்கும் நம்பிக்கையானவரிடம் கொடுத்து, "மூன்றரைக்குத் தா" என்று சொல்லிவிட வேண்டும். போன் கையில் இருக்கும்போது காத்திருப்பது பசித்தவன் பிரியாணிச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது போல. பிறகு இடத்தை மாற்ற வேண்டும். கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கட்டும் என்ற வழிகாட்டுதல் அபூதாவூதில் இருக்கிறது. அது கோபத்துக்குச் சொன்னது. ஆனால் உடலின் நிலை மாறினால் உள்ளத்தின் வேகமும் மாறுகிறது என்பதை நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். ஒளூ செய்துவிட்டு ஓரமாக ஒரு நாற்காலியில் இரு பாதமும் தரையில் பட உட்காரச் சொன்னோம்.

உட்கார்ந்ததும் 'ஆடலாமா' என்ற விவாதத்துக்குப் போகக் கூடாது. உந்துதல் உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். சிலருக்கு உள்ளங்கையில், சிலருக்கு நெஞ்சுக்கூட்டில், சிலருக்கு வயிற்றில், தொண்டையில். அவருக்கு வலது கை விரல்களிலும் நெஞ்சின் நடுவிலும் இருந்தது. சூடாக இருக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா, துடிக்கிறதா, பரவுகிறதா, சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சை வலிந்து இழுக்கத் தேவையில்லை, அது வந்து போவதைக் கவனித்தால் போதும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அதற்கு ஒரு மதிப்பெண் போட்டு, நேரத்தோடு ஒரு சின்ன நோட்டில் எழுத வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடியும் எழுதினால் போதும். நொடிக்கு நொடி 'போயிடுச்சா, போயிடுச்சா' என்று சோதித்தால் அதுவே உந்துதலுக்குத் தீனி.

முதல் நாள் நோட்டை அவர் கொண்டுவந்து காட்டினார். 2:28-க்கு 8. 2:33-க்கு 9, "கை நடுங்குது" என்று பக்கத்தில் எழுதியிருந்தார். 2:40-க்கு 7. இனி இறங்கிவிடும் என்று நினைத்திருக்கிறார். 2:50-க்கு மறுபடியும் 9. 3:00-க்கு 6. 3:05-க்கு 4.

அந்த 2:50 முக்கியமானது. குடிக்கும் புகைக்கும் இல்லாத ஒன்று இந்தச் சூதில் இருக்கிறது, அது கதவடைப்பு. இன்னும் பத்து நிமிடம்தான் என்ற எண்ணமே அலையை இரண்டாம் முறை எழுப்புகிறது. முதல் அலையைத் தாண்டியவர்கள் பலர் இந்த இரண்டாவதில் விழுகிறார்கள். 'ஒருமுறை தாண்டியும் திரும்ப வருகிறதே, இந்த முறை எனக்குப் பலிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

கதவடைப்பால் ஒரு நன்மையும் உண்டு. மூன்று மணி அடித்ததும் அன்றைய ஆட்டம் முடிந்தது. எனவே இங்கே தள்ளிப்போடுவது என்பது வெல்வதற்குச் சமம். "வாழ்நாளில் ஆடமாட்டேன்" என்று அந்த நிமிடத்தில் சத்தியம் செய்யத் தேவையில்லை. அவ்வளவு பெரிய சுமையை 9 மதிப்பெண்ணில் இருக்கும் மனம் தூக்காது. "இந்தப் பதினைந்து நிமிடம் இல்லை" என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டும். அது முடிந்ததும் இன்னொரு பதினைந்து. தவ்பாவும் உறுதிமொழியும் அஸருக்குப் பிறகு, மனம் அடங்கியதும் செய்துகொள்ளலாம்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை இரண்டாம் வாரத்தில்தான் கண்டுபிடித்தோம். மூன்று மணி தாண்டியும் சில நாட்களில் அவர் நோட்டில் 3:20-க்கு 8 என்று இருந்தது. ஆட்டம் முடிந்த பிறகு எதற்கு எட்டு? கேட்டோம். தலையைக் குனிந்துகொண்டு, "ரிசல்ட் பார்த்தேன் ஹஜ்ரத்" என்றார். ஆடவில்லை, ஆனால் ஆடியிருந்தால் வந்திருக்குமா என்று பார்த்திருக்கிறார். மனதில் வைத்திருந்த எண்ணில் இரண்டு இலக்கம் சரியாக வந்திருக்கிறது. "ஒரு நம்பர்ல போச்சு" என்ற ஏக்கம் மறுநாள் ஆட்டத்துக்கு அன்றே விதை போட்டுவிட்டது.

அவரோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். நாம் படித்தது கலைப் பட்டம்தான், என்றாலும் இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். உங்கள் எண் அப்படியே வர ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு. ஆனால் மூன்று இடத்தில் சரியாக இரண்டு இடம் மட்டும் பொருந்தும் எண்கள் எத்தனை? தவறும் இடம் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம், அந்த இடத்தில் ஒன்பது தவறான இலக்கங்கள் வரலாம். மூன்று ஒன்பது இருபத்தேழு. அதாவது ஒரு எண்ணை மனதில் வைத்தாலே 37 நாளுக்கு ஒருமுறை போல 'ஒரு நம்பர்ல போச்சு' வரும். அவர் தினமும் ஐந்து எண் வைப்பார். அப்படியானால் வாரத்துக்கு ஒருமுறை போல. நான்கு வருடமாக வாராவாரம் 'கிட்ட வந்துட்டோம்' என்று அவர் நினைத்தது எதற்கும் கிட்ட வந்ததல்ல, ஆட்டத்தின் அமைப்பே அப்படி. கணக்கைப் பார்த்து அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ஆகவே மூன்று மணிக்கு அல்ல, மூன்றரைக்குத்தான் போன். ரிசல்ட் பார்ப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ள வேண்டும். நம்பர் எழுதுபவரின் எண்ணைத் தடுத்துவைப்பதும், ரிசல்ட் போடும் குழுக்களிலிருந்து வெளியேறுவதும் காலை பத்து மணிக்குச் செய்ய வேண்டிய வேலைகள். இரண்டே முக்காலுக்குச் செய்ய முடியாது. அந்த நேரத்தில் குழுவைத் திறந்தாலே உள்ளே இழுத்துவிடும்.

அன்றைய ஆட்டத்துக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தை என்ன செய்வது? அது பையில் இருந்தால் அதுவே ஒரு உந்துதல். சூதாட வா என்று தோழரை அழைத்துவிட்டவர் தர்மம் செய்யட்டும் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. ஆடவில்லை, அழைத்ததற்கே அந்தப் பரிகாரம். அவரிடம், ஆட நினைத்த தொகையில் பத்து ரூபாயைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டு மீதியை அன்றே மனைவி கையில் கொடுக்கச் சொன்னோம். முழுவதையும் தர்மம் செய்யச் சொல்லவில்லை. வீட்டில் கடன் இருக்கிறது. உண்டியலில் போட்டதால் நாளைக்கு நம்பர் விழும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம், அப்படிக் கேட்டவர்களும் உண்டு.

இந்த முறையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 2009-ல் சாரா போவன் என்பவரும் மார்லட்டும் புகைக்கும் கல்லூரி மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். கற்றவர்களுக்கு உந்துதல் மற்றவர்களைவிடக் குறைந்துவிடவில்லை. ஆனால் அடுத்த ஏழு நாளில் அவர்கள் பிடித்த சிகரெட் குறைவு. இதை நன்றாகக் கவனியுங்கள். 'இன்னும் ஆசை வருகிறதே' என்பது தோல்விக்கு அடையாளமல்ல. ஆசை வந்தும் கை போகவில்லை என்பதுதான் பார்க்க வேண்டிய அளவு.

போனில் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் சூதாட்டங்களுக்கு இந்த மூன்று மணிக் கதவடைப்பு கிடையாது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்கள் கள்ள வழியில் வருகின்றன. அங்கே பதினைந்து நிமிடம் கழித்தும் கதவு திறந்தே இருக்கும். எனவே கதவை நாமே அடைக்க வேண்டும். வங்கியில் சொல்லி யுபிஐ தினசரி வரம்பைக் குறைத்துவைப்பது, சம்பளம் விழும் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல் இருப்பது, இரவில் போனை வேறு அறையில் வைப்பது ஆகியவை அந்த வகை.

வீட்டிலிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவருடைய மனைவி நல்ல எண்ணத்தோடுதான் தினமும் 2:45-க்குப் போன் செய்து, "இன்னைக்கும் ஆடிட்டீங்களா? அடகுக்கடைக்காரர் கேட்டாரு" என்பார். கடன் நினைவு வந்ததும் 'ஒரே அடியில் அடைத்துவிடலாம்' என்ற எண்ணம் பின்னாலேயே வரும். உந்துதலை இதைவிட வேகமாக ஏற்றுவது வேறில்லை. கடன் பேச்சை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். போன் இன்னொருவர் கையில் இருக்கும் அந்த நேரத்தில், முடிந்தால் ஒரு வேலை கொடுத்து நேரில் கூப்பிடுங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது மாதிரி, நடந்துபோய்ச் செய்யும் வேலையாக இருந்தால் நல்லது.

தப்பாகப் போகும் இடங்கள் சிலவும் கண்டோம். ஒருவர் தன்னைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று நம்பர் எழுதுபவர் நிற்கும் டீக்கடையிலேயே போய் உட்கார்ந்தார். இது அலையைக் கடப்பதல்ல, தடை போட்ட அருவிக்குள் இறங்குவது. இன்னொருவர் "பத்து ரூபாய்க்கு மட்டும் ஆடினால் அடங்கிவிடும்" என்றார். அடங்கும், அன்றைக்கு. மறுநாள் அதே நேரத்துக்கு இன்னும் உயரமாக வரும். தீனி கிடைக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

நம் சகோதரரும் மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை விழுந்தார். வாரக்கூலி கையில் வந்த நாள். நூறு ரூபாய்க்கு ஆடிவிட்டு, எல்லாம் போயிற்று, இனி எதற்கு நோட்டு என்று ஞாயிறும் திங்களும் ஆடினார். மார்லட் தம் ஆய்வுகளில் அதிகம் எச்சரித்தது இந்த மனநிலையைத்தான். ஒரு சறுக்கலை முழு வீழ்ச்சியாக எண்ணி அதையே காரணமாக்கி முழுவதும் விழுவது. சனிக்கிழமை நூறோடு நின்றிருக்க வேண்டியது மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேல் போனது. சறுக்கினால் அன்று மாலையே தவ்பா, அன்று மாலையே நோட்டில் ஒரு வரி, மறுநாள் இரண்டரைக்கு மறுபடியும் நாற்காலி. இப்போது சனிக்கிழமை கூலியை முதலாளியிடம் சொல்லி மாலை ஐந்து மணிக்கு வாங்கிக்கொள்கிறார்.

கடன் கழுத்தை நெரிக்கும் அளவுக்குப் போயிருந்தாலோ, தூக்கம் கெட்டிருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தாலோ நாற்காலியும் நோட்டும் போதாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழில் பேசுவார்கள். சூதாட்டப் பழக்கத்துக்கு மனநல மருத்துவர்களிடம் சிகிச்சையும் தேவைப்பட்டால் மருந்தும் இருக்கின்றன. நடுக்குவாத நோய்க்குத் தரும் சில மாத்திரைகளால் சிலருக்கு இந்த வெறி புதிதாகக் கிளம்புவதும் உண்டு. வயதான அத்தா ஒருவர் திடீரென்று சீட்டு வாங்கத் தொடங்கினால் அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பாருங்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சகோதரரின் நோட்டு இப்போது இரண்டாவது நோட்டு. பெரும்பாலான நாட்களில் 3, 4 என்றுதான் இருக்கிறது. போன வாரம் ஒரு 7 இருந்தது. பக்கத்தில், "மழை, கடையில ஆள் இல்ல, சும்மா உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதியிருக்கிறார். மழை நாளுக்கு என்ன வேலை வைத்துக்கொள்வது என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.